கிலோ ஆயிரத்துக்கு ஏறிய பிறகு முழம் என்ன விலை?

"அக்கா, திருவையாற்றில் படித்துறைக்குப் போகிற வழியில் பூக்கடை வைத்திருக்கிறோம். போன ஆடிப்பெருக்கு அன்று காலை 4 மணிக்குத் தஞ்சாவூரில் மல்லி கிலோ 600 என்று 6 கிலோ எடுத்தேன். வீட்டில் நாலு பேர் கட்டினார்கள். முழம் 50 என்று விற்றோம். 8 மணிக்கு மறுபடி போனால் கிலோ 1,000 என்கிறார்கள். பழைய பூவைப் பழைய விலைக்கும் புதுப் பூவைப் புது விலைக்கும் விற்பதா, எல்லாவற்றையும் ஏற்றுவதா? மாலைக்கு வேறு முன்பணம் வாங்கியிருந்தேன். கடைசியில் கையில் ஒன்றும் நிற்கவில்லை."

தம்பி, மண்டியில் விலை ஏறிய அந்த நிமிடத்திலிருந்து கடையில் இருக்கிற எல்லாச் சரத்துக்கும் ஒரே விலைதான், புது விலை. ஆனால் கையில் ஒன்றும் நிற்காததற்கு அது மட்டும் காரணமாக இருக்காது. 8 மணிக்கு எத்தனை கிலோ எடுத்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. முழத்தின் விலையைவிட அந்தக் கிலோக் கணக்கில்தான் பெரும்பாலும் பணம் போகும். எப்படி என்று கணக்காகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு முழம் உங்களுக்கு என்ன விலைக்கு அடங்குகிறது என்று தெரிய வேண்டும். ஒரு கிலோவுக்கு எத்தனை முழம் என்பதை யாரையும் கேட்காதீர்கள். ஒவ்வொரு கைக்கும் அது மாறும். நெருக்கிக் கட்டுகிறவர் கண்ணிக்கு நாலு மொக்கு வைப்பார், கலக்கமாகக் கட்டுகிறவர் கண்ணிக்கு நடுவில் விரல் போகிற மாதிரி விடுவார். ஒரு நாள் கால் கிலோவை எடுத்துப் போட்டு, உங்கள் வீட்டு ஆட்களையே கட்டச் சொல்லி, பலகையில் 18 அங்குலத்துக்குக் கோடு போட்டு அளந்து பாருங்கள். எங்கள் கட்டில் கால் கிலோ ஏழு முழம் வரும். அப்படியானால் கிலோவுக்கு 28. ஆனால் மண்டியில் வாங்கும் கிலோவில் காம்பு, மலர்ந்தது, நசுங்கியது, மேலே தெளித்த தண்ணீரின் கனம் எல்லாம் சேர்ந்திருக்கும். அதனால் நான் 25 என்றே வைத்துக்கொள்வேன். சாக்கைத் திறந்ததும் கையை அடிவரை விட்டுப் பாருங்கள். கை சொட்டச் சொட்ட வந்தால் 23 என்று போடுங்கள்.

உங்கள் முதல் 6 கிலோவை இந்தக் கணக்கில் பார்ப்போம். பூ 600, கட்டுக்கூலி 150, நார், கவர், வண்டிச் செலவு 50, ஆக கிலோவுக்கு 800 ரூபாய். வீட்டு ஆட்கள்தானே கட்டுகிறார்கள் என்று கூலியை விட்டுவிடாதீர்கள். விட்டால் கணக்கு இனிப்பாக இருக்கும், அவ்வளவுதான். 25 முழத்துக்கு 800 என்றால் முழம் 32. 6 கிலோவுக்கு 150 முழம், மொத்தச் செலவு 4,800. எட்டில் ஒரு பங்கு விற்காமல் போகும் என்று வைத்தால் விற்கிற முழத்துக்கு 37 ரூபாய் அடக்கம். 50 ரூபாய் விலை சரியானதுதான், தப்பில்லை.

8 மணிப் பூவுக்கு அதே கணக்கு: 1,000, 150, 50, ஆக 1,200. முழம் 48. கழிவும் மிச்சமும் சேர்த்தால் 55. இதை 50க்கு விற்றால் ஒவ்வொரு முழத்துக்கும் ஐந்து ரூபாய் கையிலிருந்து போகிறது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரியாதது இதற்கடுத்த பகுதி.

8 மணிக்கு நீங்கள் மண்டிக்குப் புறப்படும்போது கடையில் 90 முழம் விற்று 60 முழம் மிச்சம் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். பெட்டியில் 4,500 ரூபாய். போட்ட பணம் 4,800. அதாவது முதல் அநேகமாகத் திரும்பிவிட்டது. இப்போது என்ன செய்தாலும் லாபம் அந்த 60 முழத்திலும் இனி வாங்கப் போவதிலும்தான் இருக்கிறது.

கூட்டம் மதியம் வரை இருக்கும். அதுவரை மணிக்கு 40 முழம் போகிறது என்றால் 160 முழம் வேண்டும் என்று தோன்றும். கையில் 60 இருக்கிறது, இன்னும் 100 முழம் வேண்டும், 4 கிலோ எடுத்துவிடலாம் என்று கை தானாகப் போகும். நானும் அப்படித்தான் போனேன், அதை அப்புறம் சொல்கிறேன். இங்கே மறந்துபோவது ஒன்று. முழம் 70 ஆனதும் இரண்டு முழம் கேட்டவர் ஒரு முழம் வாங்குவார், ஒரு முழம் கேட்டவர் ஒரு சாண் வாங்குவார். ஆற்றில் விடுவதற்குச் சாண் பூ போதும். என் அனுபவத்தில் விலை 50லிருந்து 70 ஆனால் போகிற முழம் மூன்றில் இரண்டாகக் குறைகிறது. 160 என்பது 105 ஆகிவிடும். கையில் 60 போக உங்களுக்குத் தேவை 45 முழம், அதாவது 2 கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு.

மூன்று விதமாகப் போட்டுப் பார்க்கிறேன். மதியத்துக்குள் விற்காமல் மிஞ்சியதைச் சாயங்காலம் 30 ரூபாய்க்குத் தள்ளிவிடலாம், நிறைய மிஞ்சினால் 20தான் கிடைக்கும்.

ஒன்றுமே வாங்காமல் விலையை மட்டும் 70 ஆக்கினால்: 60 முழத்தில் 55 போகும், 3,850. ஐந்து முழம் சாயங்காலம், 150. முன்னால் விற்ற 4,500 சேர்த்தால் 8,500. செலவு 4,800 போக 3,700 நிற்கும்.

2 கிலோ வாங்கி 70க்கு விற்றால்: 110 முழத்தில் 95 போகும், 6,650. மிச்சம் 15 முழத்துக்கு 450. எல்லாம் சேர்த்து 11,600. செலவு 7,200. நிற்பது 4,400.

4 கிலோ வாங்கி 70க்கு விற்றால்: 160 முழத்தில் 105தான் போகும், 7,350. மிச்சம் 55 முழம் இருபது இருபதாக 1,100. மொத்தம் 12,950, செலவு 9,600, நிற்பது 3,350.

பார்த்தீர்களா? 4 கிலோ எடுத்தவர், வெளியே எங்கும் போகாமல் கடையிலேயே உட்கார்ந்திருந்தவரைவிடக் குறைவாகச் சம்பாதிக்கிறார். 2 கிலோ எடுத்தவருக்கும் கூடுதலாகக் கிடைப்பது 700 ரூபாய்தான், அதற்கு 2,400 ரூபாயைப் பணயம் வைக்கிறார். இதே 2 கிலோவை வாங்கிவிட்டு, வாடிக்கையாளர் கோபித்துக்கொள்வார் என்று 50லேயே நின்றால், கடைசி முழம் வரை விற்றாலும் 2,800தான் நிற்கும். கணக்கை இன்னொரு விதத்திலும் சொல்லலாம். விலை ஏற்றத்தில் வருகிற லாபம் பெரும்பாலும் ஏற்கனவே கையில் இருக்கிற சரத்தில்தான் இருக்கிறது. ஏறிய விலைக்கு வாங்கிய பூவில் அது இல்லை.

600க்கு வாங்கியதை 1,000 விலைக்கு விற்பது நியாயமா என்று என் மாமியார் கேட்பார். அடுத்த நாள் கிலோ 250க்கு விழும்போது என்னிடம் இருக்கிற 600 ரூபாய்ப் பூவை யாரும் 600 கணக்கில் வாங்குவதில்லையே என்று சொல்வேன். அவர் அதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

சரி, 8 மணிக்கு ஏன் ஏறுகிறது, ஏறியது நிற்குமா என்பது தெரிந்தால்தான் அந்த 2 கிலோவையும் எடுப்பதா வேண்டாமா என்று சொல்ல முடியும். மல்லி விடியலில் மொக்காகப் பறிப்பது, அன்று இருட்டும்போது மலர்ந்துவிடும். அதனால் 4 மணிக்கு மண்டியில் இருப்பது முந்தின நாள் பறித்து ஐஸில் வைத்ததாகவோ, பண்டிகைக்காக இரவிலேயே விளக்கு வைத்துப் பறித்ததாகவோ இருக்கும். அன்றைய விடியல் பறிப்பு திண்டுக்கல், நிலக்கோட்டைப் பக்கத்திலிருந்து வண்டி ஏறி வந்து சேர வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் பழைய பூ தீர்ந்திருக்கும், புதுப் பூ வந்திருக்காது. சுற்றுவட்டாரச் சின்னக் கடைக்காரர்கள் எல்லோரும் முதல் சரம் விற்ற பணத்தோடு ஒரே நேரத்தில் இரண்டாவது தடவை வந்து நிற்பார்கள், உங்களைப் போலவே. மண்டிக்காரருக்கு விற்ற தொகையில் கமிஷன், விலை ஏறினால் அவருக்கும் நல்லதுதான். சாக்கு இறங்கியதும் ஏறிய வேகத்திலேயே இறங்கும்.

ஆகவே மண்டியில் விலையைக் கேட்பதற்கு முன்னால், இன்னும் எத்தனை சாக்கு வர வேண்டும், வண்டி எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேளுங்கள். மண்டிக்காரர் மழுப்பினால் சுமை இறக்குகிற ஆளைக் கேளுங்கள், அவர் உண்மையைச் சொல்வார். இன்னொரு அடையாளம், வாங்க வருகிறவர்கள் கிலோ கேட்பதை விட்டு அரைக் கிலோ, கால் கிலோ என்று கேட்க ஆரம்பித்தால் ஏற்றம் முடியப் போகிறது என்று அர்த்தம். அப்போது வாங்குகிறவர்தான் உச்சத்தில் மாட்டுவார்.

இதெல்லாம் ஆடி மாதத்துக்குப் பொருந்தும். ஆடியில் செடியில் பூ இருக்கிறது, முகூர்த்தம் இல்லாததால் முந்தின வாரம் விலை படுத்தே கிடக்கும், பண்டிகைத் தேவை மட்டும்தான் ஏற்றிவிடுகிறது. தைப் பொங்கல் கதை வேறு. பனியில் செடி சரியாகப் பூக்காது. விலை ஏறினால் மத்தியானம் வண்டி வந்தாலும் பெரிதாக இறங்காது. அப்போது இரண்டாவது தடவை போவதே வீண், முதல் நாள் இரவே கிடைத்ததை எடுத்து ஐஸ் பெட்டியில் போட்டுக்கொள்வதுதான் வழி.

என் கதைக்கு வருகிறேன். சில வருடங்களுக்கு முன், இதே ஆடிப் பதினெட்டுக்கு, காலை வியாபாரம் பிய்த்துக்கொண்டு போகிறதே என்று 9 மணிக்கு மேல் மண்டிக்கு ஓடி 4 கிலோ எடுத்தேன். கடனுக்குத்தான். விலை என்ன என்று கேட்டதற்கு, "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா, சாயங்காலம் பாத்துக்கலாம்" என்றார் மண்டிக்காரர். கடைக்கு வந்து சேர 10 ஆகிவிட்டது. ஒரு கை ஒரு கிலோ கட்ட இரண்டு மணி நேரம் ஆகும். எனக்கு இருந்தது இரண்டு கை. முதல் நாலைந்து சரம் தொங்கும்போதே மணி பத்தரை. 12 மணிக்கு முழுசாக 2 கிலோ உதிரியாகக் கூடையில் கிடந்தது, படித்துறையில் ஆளே இல்லை. சாயங்காலத்துக்குள் அது மலர ஆரம்பித்துவிட்டது. மலர்ந்த பூவைக் கட்டினால் கண்ணியில் நிற்காது, இதழ் கையோடு வந்துவிடும். ஒரு பகுதியைக் கோயிலுக்கு அர்ச்சனைக்குக் கொடுத்தேன், மிச்சம் குப்பைக்குப் போனது. சாயங்காலம் கணக்கு முடிக்கப் போனால், நான் எடுத்த நேரத்து விலை இல்லை, அன்றைய உச்ச விலையைப் போட்டு வைத்திருந்தார் அவர். சண்டை போட என் கையில் சீட்டு இல்லை. அன்றிலிருந்து துண்டுச் சீட்டில் கிலோ, விலை, மணி மூன்றும் எழுதி வாங்காமல் சாக்கில் கை வைப்பதில்லை.

அதனால் இரண்டாவது தடவை போகும் முன் கட்டுகிற கையையும் எண்ணிக்கொள்ளுங்கள். உங்களுக்கு நாலு பேர், மணிக்கு 2 கிலோ கட்டலாம், பரவாயில்லை. ஆனால் விடியலிலிருந்து கட்டிய விரல் 9 மணிக்கு அதே வேகத்தில் ஓடாது. 11 மணிக்கு மேல் கட்டி முடிகிற சரம் சாயங்காலச் சரம்தான், அதற்கு முழம் 30 கணக்கில்தான் விலை போட வேண்டும். 1,000 ரூபாய்ப் பூவுக்கு அது கட்டுப்படியாகாது.

கடையில் விலையை எப்படி மாற்றுவது என்பதற்கு வருவோம். 50லிருந்து நேராக 70க்குப் போகாதீர்கள். இடையில் 60 வையுங்கள், அது அரை மணி நேரம் நின்றால் போதும். மேலே சொன்ன கணக்கில் அதனால் நூறு இருநூறு குறையும், போகட்டும். மாற்றுவதை ஒரு சரப் பந்து முடிகிற இடத்தில் மாற்றுங்கள். பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு பேருக்கு இரண்டு விலை சொன்னால் அன்றைக்கே ஊர் முழுக்கப் பேச்சாகிவிடும். பந்து முடிந்து, அடுத்த பந்தைப் பிரித்து, சிலேட்டில் அழித்து எழுதிவிட்டால் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. 65, 75 என்றும் வைக்காதீர்கள். சில்லறை தேடுகிற நேரத்தில் மூன்று பேர் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சாண் விலையையும் பக்கத்திலேயே எழுதுங்கள். முழம் 70, சாண் 35. கூட்டம் அலைமோதும்போது சாண் 40 என்று வைத்தாலும் தப்பில்லை, வெட்டுகிற வேலை அதில் இரட்டிப்பு.

விலையை ஏற்றத் தயங்கி முழத்தைக் குறைக்கிற பழக்கம் நம் பக்கத்தில் நிறைய இருக்கிறது. முழங்கையை மடக்கி அளக்கிறபோது விரலை உள்ளே இழுத்துக்கொள்வது. பெண்கள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள், தலையில் வைக்கும்போதே தெரிந்துவிடும். பலகையில் கோடு போட்டு அதில் அளந்து கொடுத்துவிட்டு விலையைத் தைரியமாகச் சொல்வது மேல். வழக்கமாக வாங்குகிற அக்காமார்களுக்கு விலையைக் குறைக்கவும் வேண்டாம், மல்லியில் கொசுறு கொடுக்கவும் வேண்டாம். இரண்டு கொத்து மரு, இல்லாவிட்டால் துளசியைக் கொசுறாக வைத்துக் கொடுங்கள், மனசு நிறைந்துவிடும்.

இன்னொன்று. ஆடிப்பெருக்குக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்குத் தனி மல்லி தேவையே இல்லை. காதோலை கருகமணி, மஞ்சள், குங்குமம், பழம் வைத்துப் படைக்கிற தட்டுக்குக் கொஞ்சம் பூ, அவ்வளவுதான். அங்கே கதம்பத்தை முன்னால் தொங்கவிடுங்கள். கனகாம்பரம், மரிக்கொழுந்து, மரு, அரளி எல்லாம் சேர்ந்து வருகிற சரத்தில் மல்லி கால் பங்குகூட இருக்காது. மல்லி 400 ரூபாய் ஏறினாலும் கதம்பத்தின் அடக்கம் முழத்துக்கு நாலைந்து ரூபாய்தான் கூடும். நாள் முழுக்க ஒரே விலைக்கு விற்கலாம். நம் தஞ்சாவூர்க் கதம்பத்துக்கு விளக்கம் சொல்லி விற்க வேண்டிய அவசியமும் இல்லை. முல்லைக்கு மாறலாம் என்று நினைக்காதீர்கள். மல்லி ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேதாரண்யம் முல்லையும் பின்னாலேயே ஏறிவிடும்.

மாலைக்கு முன்பணம் வாங்கியது பற்றி. ஆடிப் பதினெட்டுக்கு மாலை வியாபாரம் குறைச்சல்தான். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் எடுத்து வைத்திருந்த கல்யாண மாலையை ஆற்றில் விடக் கொண்டுவருவார்கள், புது மாலை வாங்குவது அம்மன் கோயிலுக்குச் சாற்றுகிறவர்கள்தான். முன்பணம் வாங்கும்போது மாலையை இரண்டாகப் பிரித்து விலை சொல்லுங்கள். சம்பங்கி, அரளி, ரோஜா, நார், கட்டுக்கூலி எல்லாம் ஒரு பக்கம். இவை ஏறினாலும் மல்லி அளவு துள்ளாது, அதற்கு நிலையான விலை சொல்லலாம். மல்லி இன்னொரு பக்கம். ஒரு மாலைக்கு 300 கிராம் மல்லி போகிறது என்றால், கிலோ 600க்கு 180 ரூபாய், 1,000க்கு 300 ரூபாய். வித்தியாசம் 120. ஒரு மாலையில் நீங்கள் எதிர்பார்க்கிற லாபமே அவ்வளவுதான் இருக்கும். பத்து மாலை ஒப்புக்கொண்டிருந்தால் அந்தப் பத்தும் சும்மா கட்டிக் கொடுத்த மாதிரி.

எனவே சீட்டில் இப்படி எழுதிக் கொடுங்கள்: "மல்லி கிலோ 800 வரை இந்த விலை. தாண்டினால் மல்லிக்குப் பதில் சம்பங்கி, அல்லது கூடுதல் 100 ரூபாய்." எது வேண்டும் என்பதை அவர்களிடம் அப்போதே கேட்டு டிக் போட்டு வையுங்கள். பண்டிகைக் காலையில் போன் பண்ணிக் கேட்டால் எடுக்க மாட்டார்கள். எழுதாமல் விட்டுவிட்டீர்கள் என்றால் மாலைக்கு வேண்டிய மல்லியை 4 மணிப் பூவிலிருந்தே முதலில் எடுத்துத் தனியாக ஈரத்துணியில் சுற்றி ஓரமாக வைத்துவிட வேண்டும். வியாபாரம் நன்றாகப் போகிறதே என்று அந்தப் பூவைச் சரத்தில் கட்டி விற்றுவிட்டு, மாலைக்கு 8 மணிப் பூவை வாங்கினால் 50 ரூபாய் முழத்தில் சம்பாதித்ததை மாலையில் விட்டுவிடுவீர்கள். போன வருடம் உங்களுக்கு நடந்தது இதுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம், கணக்கு நோட்டைப் பார்த்துச் சொல்லுங்கள்.

சாயங்காலம் சித்திரான்னத்தைக் கட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வருகிற குடும்பங்கள் இருக்கும். அவர்களுக்காக மல்லியைப் புதிதாக வாங்க வேண்டாம். காலையில் கட்டும்போதே இறுகிய மொக்காகப் பார்த்து 15 முழம் தனியாகக் கட்டி, வாழை இலையில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் போட்டு மூடி வையுங்கள். ஐஸ் நேராகப் படக் கூடாது, பட்ட இடம் பழுப்பாகிவிடும். 5 மணிக்குத் திறந்தால் பாதி மலர்ந்து கடை முழுக்க மணக்கும். அந்த மணத்துக்கு 30 ரூபாய் இல்லை, 40 வரை கேட்கலாம், கொடுப்பார்கள். 7 மணிக்கு மேல் இருப்பதை இரண்டு முழம் ஐம்பது என்று சொல்லித் தீர்த்துவிட்டுக் கடையைக் கழுவிவிடுங்கள்.